வருடத்தை எடுக்கலாம், மாற்றக்கூடாது

அன்புள்ள ஐயா,

எனக்கு 54 வயது. 1992-இல் பட்டம் முடித்ததும் வேலைக்குச் சேர்ந்தேன். ஆறு வருடம் ஒரு கிடங்கில், பத்து வருடம் இன்னொரு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில், அப்புறம் 2008 முதல் 2024 வரை ஒரே தொழிற்சாலையில். 2024 கடைசியில் எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு அனுப்பிய எந்த விண்ணப்பத்துக்கும் பதில் இல்லை. வேலைவாய்ப்பு ஆலோசகர் ஒருவர், பட்டம் வாங்கிய வருடத்தை 2000 என்று மாற்றுங்கள், யாரும் பார்க்க மாட்டார்கள் என்கிறார். என் மகன், முதல் பதினாறு வருடத்தையே எடுத்துவிடுங்கள் என்கிறான். அதுவும் பொய்தானே என்று உறுத்துகிறது. நான்கு பக்க ரெஸ்யூமேவை இணைத்திருக்கிறேன். எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் மகன் சொல்வதில் பாதி சரி. ஆலோசகர் சொல்வது முழுக்கத் தப்பு. ஒன்றை எழுதாமல் விடுவதும் ஒன்றை மாற்றி எழுதுவதும் வேறு வேறு காரியங்கள். ரெஸ்யூமே நீங்களே தேர்ந்தெடுத்து எழுதுகிற தாள், அதில் என் முழு வேலை வரலாறும் இருக்கிறது என்று நீங்கள் யாருக்கும் உறுதி கொடுக்கவில்லை. பட்டம் எந்த வருடம் என்று சொல்லாவிட்டால் அது ஒரு தேர்வு. 2000 என்று எழுதினால் அது பொய், அதுவும் சான்றிதழ் நகலைக் கேட்ட அன்றைக்கே வெளிப்படுகிற பொய். வேலை உறுதியான பிறகு பின்னணி சரிபார்ப்பு என்று ஒன்று நடக்கும். பொதுவாகப் படிப்பு, பழைய நிறுவனங்களில் இருந்த தேதிகள், பதவியின் பெயர், இவற்றைத்தான் பார்ப்பார்கள். அங்கே மாட்டினால் கையில் வாங்கிய ஆஃபர் லெட்டரும் போய்விடும், சேர்ந்த பிறகு தெரிந்தால் வேலையே போகலாம். "யாரும் பார்க்க மாட்டார்கள்" என்று சொன்னவர் அப்போது உங்கள் பக்கத்தில் நிற்கப் போவதில்லை.

இதில் ஒரு எச்சரிக்கை, இணையத்தில் நிரப்பச் சொல்லும் விண்ணப்பப் படிவத்துக்கு இந்தச் சுதந்திரம் கிடையாது. "இதுவரை பார்த்த எல்லா வேலைகளையும் குறிப்பிடவும்" என்று கேட்டால் எல்லாவற்றையும் எழுத வேண்டும், பட்டம் பெற்ற ஆண்டு கட்டாயக் கட்டமாக இருந்தால் 1992 என்றே போட வேண்டும், ஏனென்றால் அத்தகைய படிவங்களின் அடியில் பெரும்பாலும் "மேற்கண்டவை உண்மை" என்று ஒரு வரி இருக்கும், அதற்குக் கீழேதான் உங்கள் பெயர் வரும். கட்டாயம் இல்லாத கட்டமாக இருந்தால் காலியாக விடுங்கள், தப்பில்லை.

பட்ட வருடத்தை எடுப்பதால் ஏதாவது பயன் உண்டா என்றால், உண்டு. 2019-இல் பொருளாதார அறிஞர் டேவிட் நியூமார்க்கும் அவருடைய சக ஆய்வாளர்கள் இருவரும் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கற்பனை விண்ணப்பங்களை நிஜ வேலைகளுக்கு அனுப்பி, யாருக்குப் பதில் வருகிறது என்று பார்த்தார்கள். அந்த ரெஸ்யூமேக்களில் வயதைக் காட்ட அவர்கள் பயன்படுத்தியது பள்ளிப் படிப்பை முடித்த ஆண்டை. வயது கூடிய பெண்களுக்குப் பதில் தெளிவாகக் குறைந்தது, ஆண்களிடம் அந்த வித்தியாசம் அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை. ஆக, உங்களுக்குப் பதில் வராததை உங்கள் தகுதியின் மேல் வந்த தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பட்டம் பெற்ற அந்த வருடத்தை முதலில் எடுங்கள்.

அதோடு போகவேண்டிய வேறு சில: பிறந்த தேதி, புகைப்படம், குடும்ப விவரம், "32 ஆண்டு அனுபவம்" என்ற முதல் வரி, தட்டச்சுச் சான்றிதழ், எம்எஸ்-டாஸ். உங்கள் மின்னஞ்சல் முகவரியின் கடைசியில் 1971 இருக்கிறது, அதைக் கவனித்தீர்களா? பிறந்த தேதியை எடுத்துவிட்டு அதை விட்டால் என்ன பிரயோஜனம், புதிதாக ஒன்று உருவாக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தப் பதினாறு வருடங்களுக்கு வருவோம். மகன் சொல்வதுபோல் ஒட்டுமொத்தமாகத் தூக்கிவிட்டால் இன்னொரு சிக்கல். உங்கள் முதல் வேலையே கொள்முதல் அதிகாரி என்று தொடங்கும். படிக்கிறவர் நேராக எப்படி அதிகாரி ஆனார், முன்னால் என்ன செய்தார் என்று யோசிப்பார், யோசித்தால் சந்தேகம் வரும். அதனால் முழுதாக நீக்காமல் சுருக்குங்கள். கடைசிப் பக்கத்தில் "முந்தைய அனுபவம்" என்று ஒரு தலைப்பு, அதன் கீழ் இரண்டே வரி: கொள்முதல் உதவியாளர், நிறுவனத்தின் பெயர், கிடங்கு உதவியாளர், நிறுவனத்தின் பெயர். வருடம் வேண்டாம். யாராவது எத்தனை வருட அனுபவம் என்று நேரில் கேட்டால் மொத்தம் 32, அதில் கடைசிப் பதினாறை விரிவாக எழுதியிருக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். நான் எல்லாருக்கும் சொல்கிற சோதனை இதுதான், ஒரு வரியைப் பற்றித் துருவிக் கேட்டால் தயங்காமல் பதில் சொல்ல முடிகிறதா? முடிந்தால் அது இருக்கட்டும்.

சிலர் தேதிகளே இல்லாமல், திறமைகளை மட்டும் தலைப்பு போட்டு அடுக்கும் வடிவத்தைச் சிபாரிசு செய்வார்கள். எனக்கு அது பிடிக்காது. தேதி இல்லாத ரெஸ்யூமேவைப் பார்த்ததும் இவர் எதையோ மறைக்கிறார் என்று தேர்வாளர்கள் நினைக்கிறார்கள், வயதை மறைக்கப் போய் நேர்மையைச் சந்தேகத்துக்கு உட்படுத்தின மாதிரி ஆகிவிடும்.

ஆனால் உங்கள் ரெஸ்யூமேவின் உண்மையான பிரச்சினை 1992 இல்லை என்று நினைக்கிறேன். நான்கு பக்கத்தில் முதல் பக்கம் முழுக்க 1992-இலிருந்து 2008 வரை, உங்களைப் பற்றி ஒருவர் முதலில் படிப்பது கிடங்கில் சரக்கு எண்ணியதை. 2018-க்குப் பிறகு நீங்கள் செய்ததற்கு மூன்று வரி, அதுவும் மூன்றாம் பக்கத்தில். இதை யார் படித்தாலும் இந்த அம்மாவுக்குச் சமீபத்திய வேலை எதுவும் தெரியாது என்றுதான் முடிவு செய்வார்கள், வருடங்களை அழித்தாலும் அதே முடிவுதான். வரிசையைத் தலைகீழாக்குங்கள், கடைசி வேலை முதலில் வரட்டும்.

அடுத்தது, தொழிற்சாலையின் பதினாறு வருடத்தை ஒரே கட்டமாகப் போட்டிருக்கிறீர்கள். அப்படிப் பார்த்தால் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாதிரி தெரிகிறது. ரெஸ்யூமேவின் ஓரத்தில் நீங்கள் எழுதியிருக்கும் குறிப்பின்படி 2008-இல் அதிகாரியாகச் சேர்ந்து, 2013-இல் மூத்த அதிகாரியாகி, 2018-இல் மேலாளர் ஆனீர்கள். நிறுவனத்தின் பெயரையும் மொத்த ஆண்டுகளையும் மேலே ஒருமுறை போட்டு, அதன்கீழ் மூன்று பதவிகளையும் அதனதன் ஆண்டுகளோடு தனித்தனியாக எழுதுங்கள். 2018–2024-க்கு ஆறு வரி, 2013–2018-க்கு மூன்று, முதலாவதற்கு ஒன்று போதும். பதவியின் பெயர் மட்டும் நிறுவனத்தின் பதிவில் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும், ஹெச்ஆரிடம் கேட்டால் அதைத்தான் சொல்வார்கள். பெயரைப் பார்த்து வேலை புரியாது என்று தோன்றினால் பக்கத்தில் "பொறுப்பு: மூலப்பொருள் கொள்முதல்" என்று சேர்க்கலாம், பெயரையே உயர்த்தக்கூடாது.

இப்போது வரிகளைப் பார்ப்போம். நீங்கள் எழுதியது: "கொள்முதல் ஆணைகள் தயாரித்தல், சப்ளையர்களுடன் தொடர்பு, கணினி அறிவு." இது 1998-லும் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கும். ஓரக் குறிப்பில் இன்னொன்று இருக்கிறது, 2021-இல் பழைய மென்பொருளிலிருந்து, எல்லாப் பிரிவுகளின் வேலையையும் ஒரே இடத்தில் இணைக்கும் இஆர்பி மென்பொருளுக்கு மாறியபோது சப்ளையர் பட்டியலைச் சுத்தம் செய்தது நீங்களும் இன்னொருவரும், இரட்டைப் பதிவுகளை நீக்கி 140-ஐ 95 ஆக்கினீர்கள். அதை ஏன் ஓரத்தில் வைத்தீர்கள்? அதை இப்படி எழுதலாம்: "2021-இல் இஆர்பிக்கு மாறியபோது, இருவர் குழுவில் ஒருவராக, சப்ளையர் பட்டியலைச் சரிபார்த்து 140 பதிவுகளை 95 ஆகக் குறைத்தேன், அதன்பின் கொள்முதல் ஆணைகள் முழுவதையும் அதிலேயே கையாண்டேன்." வயதைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆனால் இவர் புதிய முறைக்கு மாறியவர், மாற்றத்தில் கைவைத்தவர் என்பது தெரிந்துவிடுகிறது. "இருவர் குழுவில்" என்பதை விட்டுவிடாதீர்கள், தனியாகச் செய்ததாகப் படும்படி எழுதினால் அந்த இன்னொருவரை விசாரித்தாலே போதும். எண்ணும் உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்ததாக இருக்க வேண்டும். நிச்சயமில்லாவிட்டால் "சுமார்" போடுங்கள், அதைக் கணக்கிட்ட விதம் கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். சப்ளையர்களின் பெயரும் விலையும் மட்டும் வேண்டாம், அது பழைய முதலாளியின் ரகசியம்.

"கணினி அறிவு" என்ற வரியை எடுத்துவிட்டு, கடந்த ஐந்து வருடத்தில் கையால் பயன்படுத்தியதை மட்டும் எழுதுங்கள்: இஆர்பி கொள்முதல் பகுதி, எக்செல்லில் பிவட் டேபிள், இணையவழி டெண்டர். யூடியூபில் பார்த்ததை எழுதாதீர்கள். நேர்காணலில் மடிக்கணினியைத் தள்ளி, ஒரு பிவட் டேபிள் போட்டுக் காட்டுங்கள் என்பார்கள், அப்போது அசடு வழிய வேண்டியிருக்கும். புதிதாக ஏதாவது படித்து முடித்தால் அதைத் தனியாக "அண்மைப் பயிற்சி" என்று வருடத்தோடு போடலாம். பட்டத்துக்கு வருடம் இல்லை, பயிற்சிக்கு மட்டும் உண்டு என்பதில் முரண் இல்லை, இரண்டும் வேறு தலைப்பு.

இதெல்லாம் சேர்ந்தால் இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். பெட்டி, இரட்டைப் பத்தி, தலைப்பகுதிக்குள் தொலைபேசி எண், இந்த அலங்காரங்கள் வேண்டாம். நிறைய நிறுவனங்களில் மனிதர் படிக்கும் முன் ஒரு மென்பொருள் ரெஸ்யூமேவைப் பிரித்துப் பதிவு செய்கிறது, அலங்காரத்தில் அது தடுமாறினால் உங்கள் எண் எங்கேயோ போய்விடும். லிங்க்ட்இன் போன்ற வலைப்பின்னல் தளத்தில் உங்கள் கணக்கு இருந்தால் அங்கேயும் இதே தேதிகளும் பதவிகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள், ரெஸ்யூமேவில் ஒன்றும் அங்கே ஒன்றுமாக இருந்தால் நீங்கள் சொன்ன உண்மையும் பொய்யாகத் தெரியும்.

கடைசியாக, "2025 முதல் சுயதொழில் கொள்முதல் ஆலோசகர்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். உண்மையிலேயே யாருக்காவது செய்து கொடுத்தீர்களா? ஒரே ஒரு வேலையாக இருந்தாலும் சரி, அது எந்த மாதிரி நிறுவனம், என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். செய்யவில்லை என்றால் எடுத்துவிடுங்கள். பிரிவு மூடப்பட்டது என்பது கூச்சப்பட வேண்டிய விஷயம் இல்லை, கடைசி வேலையின் கீழ் "2024-இல் பிரிவு மூடப்பட்டது" என்று அரை வரியில் எழுதினால் போதும்.