பக்கத்துத் தெருக் கடையைப் பார்த்து விலையைக் குறைக்கலாமா?

கேள்வி: கோவை சரவணம்பட்டியில் வீட்டிலிருந்தே தினமும் 120 டிபன் கொடுக்கிறேன். ஒன்று 60 ரூபாய். 80 ஒரே கம்பெனிக்கு, மீதி தனி ஆட்களுக்கு. மளிகை, கேஸ், பார்சல், டெலிவரி சேர்த்து டிபனுக்கு 45 ரூபாய் ஆகிறது. மாஸ்டர் சம்பளம் நாளுக்கு 700 தனி. பக்கத்துத் தெருவில் ஒருவர் 55-க்குத் தருகிறார். நானும் குறைக்கணுமா?

பதில்: குறைக்காதீர்கள். இன்று உங்கள் கையில் நிற்பது 1,800, மாஸ்டருக்குப் போக 1,100. எல்லோருக்கும் 5 ரூபாய் குறைத்தால் அது 500 ஆகிவிடும். குறைக்காமல் இருந்து அதே நஷ்டம் வர, தனி ஆட்கள் 40 பேருமே உங்களை விட்டுப் போகவேண்டும். அப்படி யாரும் மொத்தமாகப் போவதில்லை.

போட்டி என்றால் எதிர்க்கடை மட்டும்தான் என்று நினைக்கிறோம். ஹார்வர்ட் வணிகப் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1979-இல் எழுதிய கட்டுரையில், லாபத்தைப் பிடுங்கும் சக்திகள் ஐந்து என்றார்: எதிர்க்கடை, புதிதாக வருபவர், மாற்றுப் பொருள், சரக்கு தருபவர், வாங்குபவர். உங்கள் விஷயத்தில் கடைசி ஆள்தான் பெரியவர்.

அந்தக் கம்பெனியில் ஆர்டர் முடிவு செய்பவர் ஒருவராகத்தான் இருப்பார். அவர் நாளைக்கு "52-க்கு முடியுமா?" என்று கேட்டால் நாளுக்கு 640 ரூபாய் போய்விடும். வேறு ஆளிடம் மாறிவிட்டால் மிஞ்சுவது 600. மாஸ்டர் சம்பளத்துக்கே பற்றாது. மாதக் கடைசியில்தான் பணம் தருகிறார்கள் என்றால், 26 வேலை நாளுக்கு 1,24,800 ரூபாய் உங்கள் பணம் அவர்களிடம் நிற்கும். மளிகைக்கடையில் நீங்கள் ரொக்கம் கொடுக்கும்போது அவர்கள் கடன் சொல்கிறார்கள். அந்தக் கடனும் வாங்குபவரின் பலம்தான். அதனால் முதலில் வாரப் பட்டுவாடா கேளுங்கள். அப்புறம் 20, 25 பேர் உள்ள சின்ன ஆபீஸ் இரண்டு, மூன்றைப் பிடியுங்கள். எந்த ஒரு வாடிக்கையாளரும் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

சரக்குப் பக்கம் காய்கறிக்காரரால் உங்களை மிரட்ட முடியாது, பத்து பேர் இருக்கிறார்கள். 19 கிலோ சிலிண்டர் விலையில் பேரம் கிடையாது. மாஸ்டர் வராத காலையை நினைத்துப் பாருங்கள்: இந்தப் பக்கத்தில் உண்மையான பலம் அவரிடம் இருக்கிறது. மாவு பதமும் சாம்பார் அளவும் வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

புதிதாக வருபவர்களைத் தடுக்க முடியாது. ஒரு கிரைண்டரும் வாட்ஸப்பும் இருந்தால் யாரும் தொடங்கிவிடலாம். ஆனால் மழை நாளிலும் ஏழரைக்கு கேட்டில் பார்சல் நிற்பதை அவர்கள் முதல் மாதத்தில் செய்வது கஷ்டம்.

மாற்றுப் பொருளைத்தான் பலர் எதிர்க்கடையோடு குழப்பிக்கொள்கிறார்கள். நிறுத்துகிற ஒவ்வொருவரிடமும் காரணம் கேட்டு இரண்டு வாரம் நோட்டில் எழுதுங்கள். "ஹாஸ்டல் மெஸ்ஸில் சேர்ந்துட்டேன்", "பாக்கெட் மாவு வாங்கி நானே ஊத்திக்கிறேன்" என்று வந்தால், 55 ரூபாய்க்குக் குறைத்தாலும் அவர்கள் திரும்பப் போவதில்லை. பக்கத்துத் தெருக்காரர் பெயர் பத்துப் பதினைந்து தடவை வந்தால் மட்டும், தனி ஆட்களுக்கு மாத முன்பணத்தில் சலுகை கொடுங்கள். கம்பெனி விலையைத் தொடாதீர்கள்.