பாமினியில் அடித்த விடை, பதிவில் பேஸ்ட்: விசைப்பதிவு பற்றிய கேள்வி பதில்

களுவாஞ்சிக்குடி மாணவி: சேர், ஒன்லைன் பரீட்சையில சொந்தமாத்தான் எழுதினேன். பதிவில ஆறு தடவை பேஸ்ட் இருக்கு, விளக்கம் தா என்று கேட்டிருக்காங்க. எனக்கு யுனிகோட் இல்லாத பழைய எழுத்துருவான பாமினி மட்டும்தான் தெரியும். வேற பக்கத்தில அடிச்சு யுனிகோடுக்கு மாத்திப் போட்டேன். இதை எப்படிக் காட்டுறது?

விசைப்பதிவு என்பது நீங்கள் எப்போது என்ன அடித்தீர்கள், அழித்தீர்கள், ஒட்டினீர்கள் என்று பரீட்சைப் பக்கம் குறித்து வைப்பது, தங்கச்சி. அந்தப் பக்கம் தனக்குள் நடப்பதை மட்டும்தான் பார்க்கும். நீங்கள் யுனிகோடுக்கு மாற்றும் பக்கத்துக்குப் போன நேரம் `blur` என்றும், திரும்பிய நேரம் `focus` என்றும், ஒட்டியது `insertFromPaste` என்றும் விழுந்திருக்கும். இடையில் அடித்த எழுத்துகள் அதில் இல்லை. ஆனால் வெளியே இருந்த நேரம் இருக்கிறது. அதுதான் உங்கள் முதல் சான்று. ஆறு பேஸ்டுக்கும் வெளியேறிய நேரம், திரும்பிய நேரம், ஒட்டிய எழுத்துகளின் எண்ணிக்கை மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஓர் உதாரணம்: 9:04:10க்கு வெளியேறி 9:13:25க்குத் திரும்பி 420 எழுத்து ஒட்டியிருந்தால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 45 எழுத்து. யோசித்து அடிக்கிற ஒருவரின் வேகம் அப்படித்தான் இருக்கும். ஆனால் ஐந்தாவது தடவை 48 விநாடிதான் வெளியே, ஒட்டியது 700 எழுத்து என்றால் அந்த வேகத்தில் யாராலும் அடிக்க முடியாது. நாலாவது, ஐந்தாவது தடவைகளில் ஒட்டிய இரண்டு பந்தியையும் நாலாவது தடவையிலேயே அடித்து வைத்துவிட்டு, மிச்சத்தைப் பிறகு எடுத்து வந்தீர்கள் என்று சொல்லலாம். அப்படியானால் அந்த நாலாவது இடைவெளி இரண்டு பந்திக்கும் போதுமான அளவு நீளமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஒன்றுக்கு உங்களிடம் வேறு விளக்கம் வேண்டும்.

இரண்டாவது சான்று விடைக்குள்ளேயே கிடக்கலாம். பாமினியில் `jkpo;` என்று அடித்தால் தமிழ் என்று மாறும். மாற்றும் பக்கத்தின் அதே பெட்டிக்குள் இங்கிலிஷில் `log` என்று அடித்தால் அதுவும் மாறி "டழப" என்று வந்துவிடும். உங்கள் விடையில் இப்படிப் பொருளில்லாத துண்டு ஏதும் திருத்தப்படாமல் நின்றால் அடிக்கோடிட்டுக் காட்டுங்கள். இணையத்தில் இருந்த யுனிகோட் கட்டுரையை அப்படியே எடுத்தால் இந்தத் தழும்பு வராது. பழைய பாமினிக் கோப்பு ஒன்றை மாற்றி ஒட்டினாலும் இது வரும் என்பதால், இது துணைச் சான்று மட்டும்தான்.

ஒலுவிலிருந்து ஒரு விரிவுரையாளர்: ஒரு மாணவரின் பதிவில் 2,400 எழுத்துக்கு 1,900 அழிப்பு இருக்கிறது. இவ்வளவு திருத்தினவர் தானே யோசித்து எழுதியிருக்க வேண்டும், இல்லையா?

அந்த மாணவர் எந்த மென்பொருளில் தமிழ் அடித்தார் என்று முதலில் கேளுங்கள், சேர். ஒலிப்பு முறையில் "கி" அடிக்கும்போது `k` அழுத்தியதும் "க்" வரும். `i` அழுத்தியதும் சில மென்பொருள்கள் தாமே புள்ளியை அழித்துவிட்டு விசிறியைப் போடும். பதிவில் அது இப்படித் தெரியும், இடப்பக்க எண் மில்லிவிநாடி:

```
81204  insertText             க்
81391  deleteContentBackward
81393  insertText             ி
```

அழிப்புக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே 2 மில்லிவிநாடி. மனித விரல் அவ்வளவு விரைவாக இன்னொரு விசைக்குப் போகாது. ஆகவே அழித்து 20 மில்லிவிநாடிக்குள் அதே இடத்தில் எழுத்து வந்திருந்தால் அந்த அழிப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கழித்த பிறகு மிஞ்சுவதுதான் மாணவர் செய்த திருத்தம். 1,900 என்பது 150 ஆகச் சுருங்கினாலும் ஆச்சரியமில்லை. தமிழ்ப் பதிவுகளை இந்த வடிகட்டல் இல்லாமல் எண்ணி, ஒருவரைக் காப்பாற்றுவதும் தவறு, மாட்டிவிடுவதும் தவறு.

அக்கரைப்பற்று ஆசிரியர்: கணக்கு லேசானதுதானே. சொந்தமா எழுதுறவர் நின்று நின்று அடிப்பார், பார்த்து அடிக்கிறவர் ஒரே வேகத்தில போவார்.

பாதி சரி. நிற்பதை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவீர்கள், எங்கே நிற்கிறார் என்பதுதான் விஷயம். எழுத்தாய்வில் பொதுவாக 2 விநாடிக்கு மேற்பட்ட நிறுத்தத்தை எடுத்துப் பார்ப்பார்கள். யோசித்து எழுதுபவரின் நீண்ட நிறுத்தங்கள் பெரும்பாலும் வாக்கியத்துக்கும் பந்திக்கும் முன்னால் விழும். இடைக்கிடை மேலே போய்ப் பழைய வாக்கியத்துக்குள் ஒரு சொல்லைச் செருகுவார். பார்த்து அடிப்பவர் நாலைந்து சொல் அடித்துவிட்டு, கருத்து முடியாத இடத்தில் நிற்பார், கண் தாளுக்குப் போகிறது. மேலே போய்ச் செருகுவது குறைவு.

இரண்டு பேர் இந்த அளவுகோலைக் குழப்புவார்கள். குறிப்பை மனப்பாடம் செய்து வந்த பிள்ளை பார்த்து அடிப்பவரைப் போலவே தெரியும். எங்கள் பிள்ளைகளில் அப்படிப் படிப்பவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர் கீபோர்டுக்குப் புதியவர். ஞவும் ஙவும் எங்கே என்று தேடிச் சொல்லின் நடுவிலேயே 3 விநாடி நிற்பார்.

அதனால்தான் நேரம் வைத்த தட்டச்சு அமர்வு வேண்டும். அதே லேப்டொப், அதே விசைப்பலகை முறை. அச்சுத் தாளைப் பார்த்து 10 நிமிடம், பிறகு அதே பாடத்தில் புதிய கேள்விக்கு 15 நிமிடம். பரீட்சைப் பதிவு இந்த இரண்டில் எதை ஒத்திருக்கிறது என்று அந்தப் பிள்ளையை அந்தப் பிள்ளையோடேயே ஒப்பிடுங்கள். வேகத்துக்குச் சராசரியை எடுக்காமல் நடு மதிப்பை எடுங்கள், தண்ணீர் குடிக்கப் போன ஒரு நிறுத்தமே சராசரியை இழுத்துவிடும்.

ஏறாவூர்த் தகப்பன்: மகள் நிமிசத்துக்கு 25 சொல் அடிக்கிறா. இந்தச் சோதனையில பாஸாக அது போதுமா?

இது வேகத்துக்குப் புள்ளி போடுகிற சோதனை இல்லை, நானா. மெதுவாக அடித்தாலும் குறையில்லை. வழக்கமாக அடிக்கிற மாதிரியே அடிக்கச் சொல்லுங்கள், வேகத்தைக் காட்டப் போனால்தான் பரீட்சைப் பதிவோடு ஒத்து வராது.

கல்முனை மாணவன்: நான் போன்லதான் எழுதினேன். எல்லா விசையும் 229 என்று இருக்காம், சந்தேகப்படுறாங்க.

அன்ட்ரொயிட் கீபோர்டுகள் பெரும்பாலும் `keydown` நிகழ்வில் எந்த விசை என்று சொல்லாமல் `keyCode` 229 என்றே அனுப்பும், தம்பி. உங்கள் குற்றம் அல்ல, தவறான நிகழ்வைப் பதிந்திருக்கிறார்கள். `beforeinput` அல்லது `input` நிகழ்வின் `inputType` பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். குரலில் சொல்லி எழுதியிருந்தால் அதை இப்போதே சொல்லிவிடுங்கள், நீண்ட சொற்றொடர் ஒரே மூச்சில் விழுந்திருப்பது அதில் தெரியும்.

ஒலுவில் விரிவுரையாளர் (மறுபடியும்): வடிகட்டிப் பார்த்தேன், 1,900 என்பது 130 ஆனது. அமர்வும் பரீட்சையும் ஒத்துப்போகின்றன. ஆனால் பக்கத்தில் ஒருவர் இருந்து வாயால் சொல்லச் சொல்ல இவர் அடித்திருந்தால்? என் பார்வையில் இந்தப் பதிவு எதையும் நிரூபிக்காது.

வாய்வழிச் சொல்லிக் கொடுத்தலைப் பதிவால் பிடிப்பது கடினம்தான், அதில் உங்களோடு வாதாட மாட்டேன். சொல்பவர் வாக்கியம் வாக்கியமாகச் சொன்னால் நிறுத்தங்களும் வாக்கிய எல்லையில்தான் விழும். ஆனால் "எதையும்" என்பதை ஏற்கமாட்டேன். 700 எழுத்து 48 விநாடியில் வந்ததா, ஒரு மணித்தியாலமாக ஒவ்வொன்றாக வந்ததா என்பதைப் பதிவு உறுதியாகச் சொல்கிறது. விரல் அவருடையதா என்பதை அமர்வு ஓரளவு சொல்கிறது. கருத்து அவருடையதா என்று அறிய, பதிவில் அவர் அதிகம் திருத்திய மூன்று இடங்களை எடுத்து, ஏன் அப்படி மாற்றினீர்கள் என்று 10 நிமிடம் நேரில் கேளுங்கள். அந்த மூன்று இடத்தையும் தேர்ந்தெடுக்க உங்களுக்குப் பதிவு வேண்டும்.