சிஸ்டம் சூட்டபிலிட்டி ஃபெயில் ஆனால் என்ன செய்வது: கேள்வி பதில்

மருந்து நிறுவனங்களின் க்யூ.சி. லேபில் 17 வருடமாக, கலவையைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. பார்க்கிறேன். சாம்பிளை நம்பும் முன், அளவு தெரிந்த ஸ்டாண்டர்ட் கரைசலைப் போட்டு அன்றைய கருவியும் கரைசலும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் சிஸ்டம் சூட்டபிலிட்டி. வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தைச் சுற்றியே இருந்தன: பலமுறை போட்ட ஸ்டாண்டர்டின் பீக் பரப்பு, அதாவது ஏரியா, எவ்வளவு சிதறுகிறது என்று சொல்லும் ஆர்.எஸ்.டி. அதனால் அதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். காலம் என்று நான் எழுதும் இடமெல்லாம் பொருள்களைப் பிரிக்க கருவியில் மாட்டும் எஃகுக் குழாயைத்தான் சொல்கிறேன், நேரத்தை அல்ல.

கவிதா: அக்கா, ஸ்டாண்டர்டை 5 முறை போட்டேன், ஏரியா ஆர்.எஸ்.டி. 1.2 வந்தது, எங்கள் லிமிட் 1.0. சீனியர் "இன்னும் 3 போட்டு நல்ல 5-ஐ எடுத்துக்கொள்" என்கிறார். செய்யலாமா?

கூடாது. 8 போட்டு அதில் நல்ல 5-ஐப் பொறுக்கி எடுத்தால் அந்த ஆர்.எஸ்.டி. கருவியைப் பற்றி எதுவுமே சொல்லாது, நீங்கள் எப்படிப் பொறுக்கினீர்கள் என்பதைத்தான் சொல்லும். ஆடிட்டில் வருபவர் இன்ஜெக்ஷன் வரிசையைத் திறந்ததும் 8 இருப்பதையும் ரிப்போர்ட்டில் 5 மட்டும் இருப்பதையும் பார்த்துவிடுவார். 6-வது இன்ஜெக்ஷனை மெத்தடே முன்கூட்டி அனுமதித்திருந்தால் அது வேறு விஷயம், அப்போதும் 6-ஐயும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

இப்போது சீக்வென்ஸை நிறுத்துங்கள், எதையும் அழிக்காதீர்கள். ஃபெயில் ஆனது என்று நோட்டில் எழுதிவிட்டு, 5 இன்ஜெக்ஷனின் ஏரியா, பீக் வரும் நேரமான ஆர்.டி., பிரஷர் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். ஆர்.எஸ்.டி. என்ற ஒற்றை எண்ணை மட்டும் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

கவிதா (மறுபடி): ஏரியா ஆயிரத்தில் சொன்னால் 1500, 1509, 1521, 1534, 1546. ஆர்.டி. 6.40, 6.44, 6.49, 6.54, 6.60 நிமிடம். பிரஷர் 182-ல் ஆரம்பித்து 176 பாருக்கு வந்திருக்கிறது.

இந்த எண்களே காரணத்தைச் சொல்லிவிடுகின்றன. ஏரியா 1500-லிருந்து 1546, அதாவது சுமார் 3.1 சதவீதம் ஏற்றம். ஆர்.டி. 6.40-லிருந்து 6.60, அதுவும் 3.1 சதவீதம். பிரஷர் கிட்டத்தட்ட அதே அளவுக்கு இறங்கியிருக்கிறது. இரண்டாவது இன்ஜெக்ஷனைப் பாருங்கள், ஏரியாவும் ஆர்.டி.யும் சேர்ந்து 0.6 சதவீதம் நகர்ந்திருக்கின்றன. மூன்றாவதில் இரண்டும் 1.4. இப்படி இரண்டும் கைகோத்துக்கொண்டு ஏறினால் காலத்துக்குள் போகும் ஓட்டம் குறைகிறது என்று அர்த்தம். யு.வி. டிடெக்டரில் பொருள் மெதுவாகக் கடந்தால் அதிக நேரம் ஒளியின் முன் நிற்கிறது, அதனால் பீக் தாமதமாக வருவதோடு ஏரியாவும் கூடுகிறது. ஆட்டோசாம்பிளர் சரியான அளவைத்தான் போட்டிருக்கிறது, அதன் மேல் பழி போட வேண்டாம்.

அடுத்து ஓட்டம் எப்படிக் குறைகிறது என்று பாருங்கள். செக் வால்வில் குமிழியோ அழுக்கோ மாட்டியிருந்தால் பிரஷர் பெரும்பாலும் துள்ளும், ஆர்.டி. ஒழுங்கில்லாமல் முன்னும் பின்னும் போகும். உங்களுடையது ஒரே சீராக இறங்குகிறது. எனக்கு முதல் சந்தேகம் பம்ப் சீல், அதற்கடுத்து ஏதாவது ஒரு இணைப்பில் கசிவு. பாஸ்பேட் பஃபர் ஓட்டுகிறீர்கள் என்றால் பம்ப் ஹெட்டின் அடியில் டிஷ்யூ பேப்பரை வைத்துப் பாருங்கள், வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் இதே மாதிரி ஏறிக்கொண்டே போன ஏரியாவை ஆட்டோசாம்பிளர் கோளாறு என்று நினைத்து ஊசியையும் ரோட்டார் சீலையும் மாற்றி இரண்டு நாளை வீணாக்கினேன். ஆர்.டி.யை ஒருவரும் எழுதிப் பார்க்கவில்லை. சீல் வாஷ் பாட்டில் காலியாகி எத்தனை நாள் ஆனதென்று யாருக்கும் தெரியவில்லை, உப்பு சீலை அரம் போல அறுத்திருந்தது.

சீலை மாற்றியதும் ஓட்டத்தை அளந்து பாருங்கள். நிமிடத்துக்கு 1.0 மி.லி. ஓட்டம் வைத்து 10 மி.லி. வால்யூமெட்ரிக் ஃபிளாஸ்கில் பிடித்தால் 10 நிமிடம் ஆக வேண்டும். காலம் மாட்டிய நிலையிலேயே அளக்க வேண்டும், எதிர்ப்பழுத்தம் இல்லாமல் அளந்தால் கசியும் சீல்கூடச் சரியாகக் காட்டும். பிறகு சிஸ்டம் சூட்டபிலிட்டியை முதலிலிருந்து, பிளாங்க் தொடங்கி 5-ஐயும் புதிதாகப் போடுங்கள். பழைய 5-ல் நன்றாக வந்த இரண்டைக் கூட்டிக்கொள்ளக் கூடாது. முதல் ரன், கண்டுபிடித்த காரணம், மாற்றிய பாகம், இரண்டாவது ரன் எல்லாம் ஒரே ரெக்கார்டில் இருக்க வேண்டும்.

சீக்வென்ஸ் தானாக ஓடி சாம்பிளும் போய்விட்டதா? அந்த ரிசல்ட்டை நல்லதா கெட்டதா என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள், மொத்த ரன்னும் செல்லாது. மருந்தின் அளவைச் சொல்லும் அஸே 98 சதவீதம் இருக்க வேண்டிய பேட்ச், ஸ்டாண்டர்டுக்குப் பிறகு ஓட்டம் இன்னும் 3 சதவீதம் குறைந்திருந்தால் 101 என்று அழகாகப் பாஸ் ஆகிவிடும்.

முருகன்: ஏரியா ஏறினாலே வையலில் கரைப்பான் ஆவியாகிறது என்றுதான் அர்த்தம். வையல் மூடியில் புது செப்டம் போட்டால் முடிந்தது, பம்ப்பைக் கழற்ற வேண்டியதே இல்லையே?

பாதி சரி. அசிட்டோனைட்ரைல், மெத்தனால் அதிகமுள்ள டைல்யூயன்ட், ஒரே வையலில் பலமுறை குத்திய செப்டம், சூடான ட்ரே என்றால் ஆவியாகி ஏரியா மெல்ல ஏறும். ஆனால் வையலில் இருப்பது எவ்வளவு கெட்டியானாலும் பீக் வரும் நேரம் நகராது. கவிதாவுடையதில் ஆர்.டி.யும் நகர்ந்ததால்தான் வையலை விட்டுவிட்டேன். ஆர்.டி. அசையாமல் ஏரியா மட்டும் ஏறியிருந்தால் உங்கள் பதிலைத்தான் முதலில் சொல்லியிருப்பேன்.

ஏரியா இறங்குவதும் உண்டு. செப்டம் இறுக்கமாக அடைத்து வையலை வாய் வரை நிரப்பியிருந்தால், ஒவ்வொரு முறை உறிஞ்சும்போதும் உள்ளே வெற்றிடம் உண்டாகி அடுத்த முறை குறைவாக வரும். 5-ல் ஒன்று மட்டும் சட்டென்று குறைந்து மற்ற நான்கும் ஒட்டி நின்றால் ஊசி வழியில் குமிழி இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன், அதைக் காட்டாமல் அந்த ஒன்றை நீக்கக் கூடாது.

பாத்திமா: எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் செய்கிறேன் மேடம். டெய்லிங் 2.4, லிமிட் 2.0. லேபில் எல்லோரும் காலம் போய்விட்டது, புதிது வாங்கு என்கிறார்கள். விலையைக் கேட்டால் பயமாக இருக்கிறது.

வாங்குவதற்கு முன் குரோமட்டோகிராமில் எத்தனை பீக் வால் இழுக்கிறது என்று பாருங்கள் அம்மா. எல்லா பீக்கும் இழுத்தால், அதிலும் முன்னால் வருபவை அதிகம் இழுத்தால், இயந்திர ரீதியான காரணம்: காலத்தின் முகப்பில் பள்ளம், அடைத்த ஃப்ரிட், அல்லது ட்யூப் இணைப்பின் அடி வரை உட்காராமல் விட்ட சின்ன இடைவெளி. இணைப்பைக் கழற்றி, ட்யூபை அடி வரை தள்ளிப் பிடித்து மறுபடி முடுக்குங்கள். காலத்துக்கு முன்னால் மாட்டும் சின்ன கார்டு காலம் இருந்தால் அதை எடுத்துவிட்டு ஒருமுறை போட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் செலவே இல்லை.

உங்கள் மருந்தின் பீக் மட்டும் இழுத்து மற்றவை நேராக இருந்தால் வேறு கதை. காரத்தன்மையுள்ள அமீன் மருந்துகள் சிலிக்காவில் மிச்சமிருக்கும் சிலனால்களில் ஒட்டிக்கொள்ளும். பஃபர் பி.எச். சற்றே கூடியிருந்தாலும் அது அதிகமாகும். அசிட்டோனைட்ரைல் கலந்த பிறகு பி.எச். பார்த்தீர்களா, கலக்கும் முன்பா? மெத்தட் எழுதியவர் நீர்ப்பகுதியில் பார்த்திருந்தால் நீங்களும் அங்கேதான் பார்க்க வேண்டும். புது பஃபர் தயாரித்து ஒருமுறை ஓட்டுங்கள், அப்போதும் இழுத்தால் காலத்தைச் சந்தேகிக்கலாம்.

பாத்திமா: கார்டு காலத்தை எடுத்ததும் 1.5 வந்தது மேடம்!

நல்லது. கார்டு காட்ரிஜ் மட்டும் மாற்றினால் போதும். எத்தனை இன்ஜெக்ஷனில் போனது என்று குறித்து வையுங்கள்.

ரமேஷ்: எங்கள் கருவிக்குப் போன மாதம்தான் கேலிபரேஷன் முடிந்தது, ஸ்டிக்கரும் இருக்கிறது. அப்புறம் ஏன் தினமும் இதைச் செய்து 40 நிமிடம் போக்க வேண்டும்?

ஸ்டிக்கர் சொல்வது கருவியைப் பற்றி, சிஸ்டம் சூட்டபிலிட்டி சொல்வது அன்றைய ரன்னைப் பற்றி. கேலிபரேஷன் செய்த அன்று உங்கள் பஃபரும் காலமும் ஸ்டாண்டர்டும் அதில் இல்லை. பாத்திமாவின் கருவியை அன்று கேலிபரேட் செய்திருந்தாலும் பாஸ் ஆகியிருக்கும், டெய்லிங் அப்போதும் 2.4 தான் இருந்திருக்கும்.

செல்வி: ஸ்டாண்டர்ட் போடும் முன் சாம்பிளையே ஒரு தடவை போட்டு காலம் செட் ஆகிவிட்டதா என்று பார்ப்போம். எல்லோரும் செய்வதுதானே?

தயவுசெய்து நிறுத்துங்கள். விற்பனைக்குப் போகும் பேட்சின் ரிசல்ட்டை முன்னாடியே எட்டிப் பார்ப்பது போலத்தான் அது தெரியும், உங்கள் எண்ணம் எதுவாக இருந்தாலும். அமெரிக்க எஃப்.டி.ஏ. டிசம்பர் 2018-ல் வெளியிட்ட டேட்டா இன்டெக்ரிட்டி வழிகாட்டியில் இது நேரடிக் கேள்வியாகவே இருக்கிறது. சாம்பிள் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் அது முறையாக மதிப்பிட்ட செகண்டரி ஸ்டாண்டர்டாக இருக்க வேண்டும், சோதிக்கும் பேட்ச் அல்லாத வேறு பேட்சிலிருந்து வர வேண்டும், எழுதிய நடைமுறை இருக்க வேண்டும். செட் ஆனதா என்று பார்க்க பேஸ்லைனும் பிரஷரும் போதும், ஸ்டாண்டர்ட் கரைசலை வேண்டுமானால் ஒன்றிரண்டு முறை போடுங்கள். அதையும் எஸ்.ஓ.பி.யில் எழுதி, அந்த டேட்டாவையும் வைத்திருங்கள்.

கணேசன்: இரண்டு பீக்கும் பிரியும் அளவான ரெசல்யூஷன் 1.8 வருகிறது, 2.0 வேண்டும். மொபைல் ஃபேஸை லேசாக மாற்றிக்கொள்ளலாம் என்று யு.எஸ்.பி.யே சொல்கிறதே?

அமெரிக்க மருந்துத் தர நூலான யு.எஸ்.பி.யின் 621-ம் அத்தியாயம் சொல்வது உண்மைதான், ஆனால் எல்லையோடு. ஐசோகிராட்டிக் மெத்தடில் குறைவாக உள்ள கரைப்பானை அதன் அளவில் 30 சதவீதம் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம், மொத்தத்தில் 10 சதவீதப் புள்ளியைத் தாண்டக் கூடாது. பி.எச். 0.2 வரை. மாற்றிய பிறகு சிஸ்டம் சூட்டபிலிட்டி முழுதாகப் பாஸ் ஆக வேண்டும். உங்கள் கம்பெனி பதிவு செய்த சொந்த மெத்தட் என்றால் வேலிடேஷனில் என்ன எல்லை காட்டியிருக்கிறதோ அதுதான். போன வாரம் 2.6 இருந்தது இப்போது 1.8 என்றால் நான் மொபைல் ஃபேஸைத் தொடவே மாட்டேன், என்ன மாறியது என்று தேடுவேன்.

தேவராஜன்: நானும் பல வருடம் க்யூ.ஏ.வில் இருந்தவன். ஆரம்பத்தில் பாஸ், 6 சாம்பிளுக்குப் பிறகு மறுபடி சரிபார்க்க வைத்த பிராக்கெட் ஸ்டாண்டர்ட் பாஸ், அடுத்த 6-க்குப் பிறகு வைத்தது 96.8 (லிமிட் 98 முதல் 102). முதல் 6-ஐ ஏற்கலாமா? நான் கூடாது என்பேன்.

சார், இதில் உங்களோடு பாதிதான் ஒத்துப்போகிறேன். கடைசி 6 செல்லாது, அதில் சந்தேகமில்லை. முதல் 6 இரண்டு பாஸ் ஆன ஸ்டாண்டர்டுகளுக்கு நடுவில் நிற்கிறது. பிராக்கெட் ஃபெயில் ஆனால் எதுவரை ஏற்கலாம் என்று எஸ்.ஓ.பி. முன்பே சொல்லியிருந்தால், காரணமும் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது என்று காட்ட முடிந்தால், ஏற்கலாம் என்பேன். ஒவ்வொரு சாம்பிளின் ஆர்.டி.யையும் பிரஷரையும் வரிசையாக எழுதினால் எங்கே நகரத் தொடங்கியது என்று பெரும்பாலும் தெரியும்.

தேவராஜன்: ஆர்.டி. நகராமல் ஏரியா மட்டும் குறைந்தால்? எங்கே தொடங்கியது என்று எப்படிக் காட்டுவீர்கள்?

அப்போது காட்ட முடியாது, சார். அந்த நிலையில் 12-ஐயும் மறுபடி ஓட்டச் சொல்வேன். ஆனால் எங்கள் லேபிலேயே இன்னொருவர் பாஸ் ஆன பிராக்கெட் போதும் என்பார், அவரிடமும் நியாயம் இருக்கிறது. இரண்டு விதமான எஸ்.ஓ.பி.யும் ஆடிட்டைத் தாண்டியதைப் பார்த்திருக்கிறேன்.