காரை எடுத்தால் கல் வரிசை கோணலாகிறதா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் விற்பனைக்கு வந்த ஒரு வீட்டைப் படம் எடுத்தேன். முற்றத்தில் கார், மதில் ஓரம் ரெண்டு குப்பைத்தொட்டி, புல்தரையில் பச்சை ஹோஸ். போட்டோஷாப்பில் அழித்தால் இன்டர்லாக் கல் வரிசை கோணலாகிறது, புல்தரை ஓரமும் நெளிகிறது. எப்படிச் சரிசெய்வது?

பதில்: எல்லாவற்றையும் வளைத்துப் பிடித்து Content-Aware Fill-இடம் விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது அக்கம்பக்கத்துத் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டும். கேட்டிலிருந்து வாசலுக்குப் போகப்போகக் கல் சிறுத்துத் தெரிய வேண்டும் என்ற கணக்கு அதற்குக் கிடையாது.

முதலில் ஓரத்தைப் பிடியுங்கள். புல்லும் கல்லும் சந்திக்கும் கோடு காருக்கு முன்னால் தெரிகிற இடத்தில் Pen Tool-ஆல் ஒரு புள்ளி, காரைத் தாண்டித் தெரிகிற இடத்தில் இன்னொன்று. அந்தக் கோட்டை வைத்துப் புல் பக்கத்தைச் சுற்றி மூடி, Ctrl+Enter அழுத்தினால் தேர்வாகிவிடும். அதற்குள் புல்லை மட்டும் நிரப்புங்கள். அப்புறம் Shift+Ctrl+I கொடுத்துத் தேர்வைத் திருப்பினால், கல் வேலை புல்லுக்குள் கசியாது. வைட் லென்ஸில் எடுத்த படம் என்றால் கோடே வில்லாக வளைந்திருக்கும்; இதற்கெல்லாம் முன்பே Lens Correction செய்துவிடுங்கள்.

கல்லுக்கு Filter > Vanishing Point. முதலில் ஒரு வெற்று லேயர் போட்டுக்கொள்ளுங்கள், பிடிக்காவிட்டால் அழித்துவிடலாம். முற்றத்தில் நாலு மூலை குறிக்க வேண்டும். முன்னால் உள்ள இரண்டும் ஒரே கல் வரிசையின் மேல், பின்னால் உள்ள இரண்டும் இன்னொரு வரிசையின் மேல். கட்டம் நீலமாக வந்தால் சரி. மஞ்சளோ சிவப்போ வந்தால் மூலையை நகர்த்துங்கள். பிறகு அங்கேயே உள்ள Stamp Tool-ஐ எடுத்து, கல்லும் கல்லும் சேரும் இடுக்கில் Alt அழுத்திச் சொடுக்கி, கார் நிற்கும் இடத்தில் அதே மாதிரி இடுக்கு வரவேண்டிய புள்ளியிலிருந்து பூசுங்கள். தூரம் போகும்போது கல் தானாகச் சிறுக்கும். எடுப்பது முன்பக்கக் கல்லாகவே இருக்கட்டும். தூரத்துக் கல்லை முன்னால் கொண்டுவந்தால் பெரிதாகி மங்கிவிடும்.

காரோடு அதன் நிழலும் போக வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். கார் இல்லாத முற்றத்தில் கார் நிழல் மட்டும் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன்!

ஹோஸ் சுலபம், Remove Tool போதும். ஆனால் அது ஓரத்தைத் தாண்டும் இடத்தை மட்டும் விட்டுவைத்து, ஓரத்தின் வேறொரு பகுதியிலிருந்து Clone Stamp-ஆல் கொண்டுவாருங்கள். புல் கல்லின்மேல் லேசாகச் சரிந்து கிடப்பதும் அதோடு வந்துவிடும், கத்தியால் வெட்டியதுபோல் இருக்காது. தொட்டிகளுக்குப் பின்னால் மதிலும் தரையும் சேரும் கோட்டுக்கும் இதே முறைதான்.

முடிந்ததும் ஒரு இடுக்கைக் கேட்டிலிருந்து வாசல்வரை கண்ணால் தொடருங்கள். நடுவில் எங்காவது உடைந்தாலோ, ஒரே கறை பட்ட கல் இரண்டு தடவை வந்தாலோ அந்த இடத்தை மறுபடி செய்யுங்கள்.

கார் சிட்-அவுட் படியையோ சுவரின் அடியையோ மறைத்திருந்தால் ஒட்டுப்போட வேண்டாம். அங்கே விரிசல் இருக்கிறதா என்பது உங்களுக்கே தெரியாது, வாங்குகிறவர் நேரில் வந்து பார்ப்பார். வீட்டுக்காரரிடம் சாவியைக் கேட்டுக் காரை நகர்த்தி, அதே இடத்தில் நின்று இன்னொன்று எடுங்கள், பத்து நிமிட வேலை.