சந்தியில் மின்சாரம் ஏன் தேங்குவதில்லை?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கிர்க்காஃபின் மின்னோட்ட விதியைச் சுற்றியே இருக்கின்றன. ஒரே விஷயம் என்பதால் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: ஒரு சந்திக்குள் வரும் மின்னோட்டமும் வெளியேறும் மின்னோட்டமும் சமம் என்று படிக்கிறோம். கொஞ்சம் மின்னூட்டம் சந்தியிலேயே தங்கிவிட்டால் என்ன? யார் தடுக்கிறார்கள்?
(பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, பெரம்பூர்)

மின்னூட்டத்தை ஆக்கவோ அழிக்கவோ முடியாது என்று எழுதி முடித்தால் தேர்வில் மதிப்பெண் கிடைத்துவிடும். உங்கள் கேள்வி அதற்கு அடுத்த படியில் இருக்கிறது: அழியாமல் அங்கேயே குவியலாமே!

மொட்டைமாடி டேங்கிலிருந்து இறங்கும் பைப், ஒரு டீ ஜாயிண்டில் பிரிந்து சமையலறைக்கும் குளியலறைக்கும் போகிறது என்று வையுங்கள். மேலிருந்து நிமிடத்துக்கு 10 லிட்டர் இறங்குகிறது, சமையலறைக் குழாயில் 6 லிட்டர் கொட்டுகிறது என்றால், குளியலறைக்குப் போய்ப் பார்க்க வேண்டாம். அங்கே 4 லிட்டர்தான். ஜாயிண்ட் ஏற்கெனவே தண்ணீரால் நிறைந்திருக்கிறது. தண்ணீர் சுருங்காது, பைப் உப்பாது. துளி கூடுதலாக உள்ளே நுழைந்தாலும் அங்கே அழுத்தம் சட்டென்று ஏறும். அந்த அழுத்தம் வருகிற தண்ணீரை எதிர்த்துத் தள்ளும், போகிற தண்ணீரை வேகமாக வெளியே தள்ளும். வரவும் செலவும் சமமாகும்வரை அது விடாது.

செம்புக் கம்பியும் அப்படித்தான். அது எலக்ட்ரான்களுக்காகக் காத்திருக்கும் காலிக் குழாய் இல்லை. முன்பே நிறைந்த குழாய். கூடுதலாக வருபவை ஒன்றையொன்று விலக்கும். தண்ணீரில் அழுத்தம் செய்யும் வேலையை இங்கே மின்னழுத்தம் செய்கிறது.

எவ்வளவு சீக்கிரம் என்று கணக்குப் போட்டால் சுவாரசியமாக இருக்கும். சந்தி என்பது ஒரு பொட்டுச் சால்டர். அதன் மின்தேக்குத்திறன் தோராயமாக 1 பிகோஃபாரட் என்று கொள்வோம். வரும் மின்னோட்டம் போவதைவிட ஒரே ஒரு மில்லி ஆம்பியர் அதிகம் என்று வைத்தால், ஒரு மைக்ரோ வினாடியில் அங்கே சேரும் மின்னூட்டம் 10⁻⁹ கூலும். அதை 10⁻¹² ஃபாரடால் வகுத்தால் 1000 வோல்ட்! உங்கள் சுற்றில் இருப்பதோ 9 வோல்ட் பேட்டரி. அந்த 9 வோல்ட்டை எட்டவே 9 நானோ வினாடி போதும். அதற்குள்ளேயே எதிர்ப்பு எழுந்து ஓட்டத்தைச் சரிசெய்துவிடுகிறது. ஆக, தேங்கவே தேங்காது என்பதில்லை. தேங்குவது மிகச் சொற்பம், அதுவும் நம் மீட்டர் பார்ப்பதற்குள் முடிந்துவிடுகிறது.

கேள்வி: அப்படியானால் எந்தக் கிளையில் எவ்வளவு போக வேண்டும் என்றும் இந்த விதிதான் சொல்கிறதா?
(அதே மாணவி)

இல்லை. மொத்தம் சரியாக வர வேண்டும் என்பது மட்டும்தான் இதன் வேலை. 6, 4 என்று பிரிவதா, 7, 3 என்று பிரிவதா என்பதைக் கிளைகளின் மின்தடை முடிவு செய்கிறது. ஒடுங்கிய பைப்பில் குறைவாகத்தானே போகும்.

கேள்வி: சிங்கிள் பேஸ் மோட்டாருக்குப் பக்க இணைப்பாக ஒரு கெப்பாசிட்டர் போட்டிருக்கிறோம். கிளாம்ப் மீட்டரில் மோட்டார் ஒயர் 5 ஆம்பியர், கெப்பாசிட்டர் ஒயர் 4 ஆம்பியர். ரெண்டும் சேர்ந்து 9 வரணும். மெயின் ஒயரில் 3தான் காட்டுது. மீட்டர் போச்சா, விதி போச்சா?
(லேத் பட்டறை எலக்ட்ரீசியன், அம்பத்தூர்)

மீட்டர் நன்றாக இருக்கிறது, விதியும் நன்றாக இருக்கிறது. கூட்டியதுதான் தவறு. மீட்டர் காட்டுவது பயனுறு மதிப்பு, அதாவது அலையின் ஒருவகைச் சராசரி. விதியோ ஒவ்வொரு கணத்துக்குமானது.

உங்கள் மோட்டாரின் 5 ஆம்பியரில் இரண்டு பகுதிகள் உண்டு. 3 ஆம்பியர் மின்னழுத்தத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. உண்மையில் வேலை செய்வது அதுதான். இன்னொரு 4 ஆம்பியர், காந்தப்புலத்துக்காக, கால் சுற்று பின்தங்கி வருகிறது. செங்கோண முக்கோணம்போல 3, 4 சேர்ந்து 5 ஆகிறது. கெப்பாசிட்டரின் 4 ஆம்பியர் கால் சுற்று முந்தி வருகிறது. முந்துவதும் பின்தங்குவதும் நேர் எதிர், ஒன்றையொன்று கழித்துவிடும். மிச்சம் 3.

ஒரு கணத்தைப் பிடித்து நிறுத்திப் பாருங்கள். மின்னழுத்தம் பூஜ்ஜியத்தைக் கடக்கும் நொடியில் மோட்டார் ஒயரில் 5.66 ஆம்பியர் ஓடுகிறது (4-ஐ √2-ஆல் பெருக்கியது). அதே நொடியில் கெப்பாசிட்டர் ஒயரிலும் 5.66 ஆம்பியர், எதிர்த்திசையில். மெயின் ஒயரில் பூஜ்ஜியம். டீ ஜாயிண்டில் ஒரு கிளை தள்ளுகிற தண்ணீரை மறு கிளை அப்படியே வாங்கிக்கொள்ள, மேல் பைப்பில் தண்ணீர் அசையாமல் நிற்பது மாதிரி. மாறாக, மின்னழுத்தம் உச்சியில் இருக்கும்போது கெப்பாசிட்டரில் ஓட்டமே இல்லை. மெயினில் வரும் 4.24 ஆம்பியரும் நேராக மோட்டாருக்குப் போகிறது. எந்தக் கணத்தை எடுத்தாலும் கணக்கு நேராகும்.

இதிலேயே ஒரு நல்ல சோதனையும் இருக்கிறது. மோட்டார் ஒயர், கெப்பாசிட்டர் ஒயர் இரண்டையும் ஒரே பக்கமாக, சந்தியிலிருந்து வெளியே போகும் திசையில், கிளாம்புக்குள் சேர்த்துப் பிடியுங்கள். கூட்டலை மீட்டரே கணத்துக்குக் கணம் செய்யும். 3 காட்டும்.

கேள்வி: மழை நாளில் எங்கள் வீட்டு ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது. எலக்ட்ரீசியன் "கரன்ட் எங்கேயோ போகுது" என்கிறார். எங்கே போகும்?
(இல்லத்தரசி, வேளச்சேரி)

சந்தி என்றால் ஒரு புள்ளிதான் என்பதில்லை. வீடு முழுவதையும் சுற்றிக் கோடு போட்டு அதையே ஒரு சந்தியாக வைத்தாலும் விதி பொருந்தும். பேஸில் உள்ளே வந்தது நியூட்ரலில் திரும்ப வேண்டும். ஆர்சிசிபிக்குள் இரண்டு ஒயரும் ஒரே வளையத்தின் நடுவே போகின்றன. இரண்டும் சமமாக இருந்தால் காந்த விளைவு ஒன்றையொன்று ரத்து செய்யும். வித்தியாசம் வந்தால் சுவிட்ச் விழும்.

காணாமல் போன மின்னோட்டம் காணாமல் போகவில்லை. ஈரமான மூன்றாவது வழியில் மண்ணுக்குப் போகிறது. பால்கனி பிளக், வெளிச்சுவர் விளக்கு, மோட்டார் பெட்டி ஆகியவற்றை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் பொதுவாக இருப்பது 30 மில்லி ஆம்பியர் வகை. அது 15-க்குக் கீழே விழக் கூடாது, 30-ல் விழுந்தே ஆக வேண்டும். இடையில் எங்கே வேண்டுமானாலும் விழலாம். பேஸையும் நியூட்ரலையும் சாதாரண கிளாம்ப் மீட்டரில் தனித்தனியே அளந்து கழிப்பது வீண் வேலை, இவ்வளவு சிறிய வித்தியாசம் அதில் பிடிபடாது. கசிவு அளக்கும் கிளாம்ப் மீட்டரில் இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். விழுகிறதே என்று ஆர்சிசிபியைக் கழற்றிவிட்டு நேர் இணைப்புக் கொடுக்க மட்டும் யாரையும் அனுமதிக்காதீர்கள்.

கேள்வி: கெப்பாசிட்டரின் தகட்டில் மின்னூட்டம் சேருகிறதே. அங்கே விதி உடைகிறதா?
(பாலிடெக்னிக் மாணவர், தரமணி)

ஒரு தகட்டை மட்டும் தனியாகச் சுற்றிக் கோடு போட்டால் உடையும்தான். பைப்பின் குறுக்கே ரப்பர் தடுப்பு ஒன்று கட்டியிருப்பதாக நினையுங்கள். இந்தப் பக்கம் ஒரு டம்ளர் நுழைந்தால் ரப்பர் உப்பி, அந்தப் பக்கம் ஒரு டம்ளர் வெளியேறும். பாதியை மட்டும் பார்த்தால் தண்ணீர் சேருகிறது. முழுவதையும் பார்த்தால் சமம். ஒரு தகட்டில் எத்தனை எலக்ட்ரான் ஏறுகிறதோ அத்தனை மறு தகட்டிலிருந்து இறங்கும். அதனால்தான் சுற்றுப் படத்தில் கெப்பாசிட்டரை முழுப் பொருளாகவே எடுக்கிறோம்.

நிஜமாகவே கைவிடும் இடம் ஆன்டெனா. வைஃபை ரூட்டரின் 2.4 கிகா ஹெர்ட்ஸில் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர்; ஆன்டெனாவின் உள்ளே இருக்கும் கம்பியும் அதோடு ஒப்பிடத்தக்க நீளம். அடியில் மின்னோட்டம் நுழைகிறது, நுனியில் பூஜ்ஜியம். நடுவில் மின்னூட்டம் குவிந்து கலைகிறது; சரிசெய்யும் செய்தி கம்பியைக் கடப்பதற்குள் திசையே மாறத் தொடங்கிவிடும். வீட்டு 50 ஹெர்ட்ஸில் அலைநீளம் 6000 கிலோமீட்டர். உங்கள் ஆய்வக மேசையில் அந்தச் சிக்கல் வராது.