கணக்கில் சுற்றிவரும் பணம்: கேள்வி பதில்

கடலூர், கடன் பிரிவுக்குப் புதியவர்: ஓராண்டு வரவு 4.10 கோடி. முந்திரி நிறுவனம் 80 லட்சத்துக்கு சிசி என்னும் ரொக்கக் கடன் வரம்பு கேட்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

மொத்த வரவை ஒதுக்கிவிட்டு, நாள் முடிவில் உள்ள இருப்பைப் பாருங்கள். ஒரு மாதிரிக் கணக்கு சொல்கிறேன். காலையில் இருப்பு 42,000. ஒரு வியாபாரியிடமிருந்து 9,80,000 வருகிறது. அன்றே 9,75,000 வேறொருவருக்குப் போகிறது. இரண்டு நாள் கழித்து அந்த வேறொருவர் 9,70,000 அனுப்ப, அது முதல் வியாபாரிக்கே திரும்புகிறது. இருப்பு மட்டும் நாற்பதாயிரத்தை ஒட்டியே நிற்கிறது. வரவையும் பற்றையும் பெயர்வாரியாக அடுக்குங்கள். இரு பக்கமும் வரும் பெயர்களின் தொகை 1.50 கோடி என்றால், மிஞ்சும் விற்பனை 2.60 கோடிதான். விற்பனையில் 20 சதவீதம் என்ற கணக்கில் 82 லட்சமாகத் தெரிந்த வரம்பு 52 லட்சமாக இறங்கிவிடும். சொந்தக் கணக்கிலிருந்து மாற்றிய தொகை, திரும்பிய காசோலை, கடனாக வந்த வரவு ஆகியவற்றையும் கழிக்க மறக்காதீர்கள்.

புதுச்சேரி, கணக்கர்: ஜிஎஸ்டி கணக்கு பொருந்தினால் விற்பனை உண்மைதானே?

பாதி சரி. மூன்று பேர் சேர்ந்து ஒருவருக்கொருவர் பில் போட்டால், ஒருவர் கட்டும் வரி அடுத்தவருக்கு வரவாகிவிடும். ஜிஎஸ்டியும் அழகாகப் பொருந்தும். எனவே இ-வே பில்லில் உள்ள வண்டி எண், எடைமேடைச் சீட்டு, உடைப்புக் கூலி, மின்கட்டணம் ஆகியவற்றைப் பாருங்கள். கொட்டையின் எடையில் ஏறக்குறைய கால் பங்குதான் பருப்பு. விற்றதாகச் சொல்லும் பருப்புக்கு ஈடான கொட்டை உள்ளே வந்திருக்க வேண்டும்.

பண்ருட்டி, முந்திரி வியாபாரி: எனக்குக் கொட்டை தருபவரே பருப்பையும் வாங்குகிறார். நானும் திருடனா ஐயா?

இல்லை ஐயா. உங்கள் தொழிலில் அது வழக்கம்தான். பெயர் இரு பக்கமும் வருவதைக் கொண்டு மட்டும் யாரையும் குற்றம் சாட்டக் கூடாது. கொட்டையை வறுத்து, உடைத்து, தோல் நீக்கப் பல நாள் ஆகும். பணமும் அந்த இடைவெளியில்தான் நகரும். எடைக்கும் விலைக்கும் ஏற்ப உதிரித் தொகைகள் வரும், இலாபம் கணக்கில் தங்கும்.

புதுச்சேரி, மளிகைக் கடைக்காரர்: மனைவி கணக்கிலிருந்து என் கணக்குக்கு மாற்றினால் தவறா?

தவறில்லை. அதை விற்பனை என்று காட்டாதீர்கள்.

நெல்லிக்குப்பம்: வரவைக் கூட்டிக் காட்ட வழி உண்டா?

இதே கேள்வி மூன்றாம் முறை வருகிறது. வழி சொல்ல மாட்டேன். பொய்யான வரவைக் காட்டிக் கடன் வாங்குவது மோசடி. மேலும், 52 லட்சம் தாங்கும் தொழிலில் 80 லட்சத்துக்கு வட்டி கட்டப் பணம் எங்கிருந்து வரும்?

பண்ருட்டி, மீண்டும்: நாங்கள் பாதியைப் பேரேட்டிலேயே நேர்செய்துவிடுவோம். வங்கியில் வரவே குறைவாகத் தெரியுமே?

நியாயமான குறை. இரு தரப்பும் ஒப்பமிட்ட பேரேட்டுப் படியைக் கேட்டு வாங்குவது என் வழக்கம். அதையும் ஏற்க மறுக்கும் கிளைகள் உண்டு.

கடலூர்: அடுத்தவர் கணக்கு வேறு வங்கியில் இருந்தால் வட்டத்தை எப்படி நிரூபிப்பது?

உங்கள் வங்கியிலிருந்து பாதி வட்டம்தான் தெரியும். அந்த ஸ்டேட்மென்ட்டைக் கடன் கேட்பவரிடமே கேளுங்கள். தர மறுத்தால் அந்த வரவைக் கழித்துவிட்டு வரம்பு போடுங்கள்.