பொற்றொடி வந்தாள்: தலைச்சொல் எது?

> "'பொற்றொடி வந்தாள்' என்பதில் கடைசிச் சொல் தொடிதானே? அப்புறம் ஏன் அது தலைச்சொல் இல்லை?"

தொடி என்றால் வளையல். வந்தது தொடி இல்லை, அதை அணிந்த பெண். தொகை எதைக் குறிக்கிறதோ அந்தச் சொல்தான் தலைச்சொல். இங்கே அது தொகைக்கு வெளியே நிற்பதால் இது அன்மொழித்தொகை, அதாவது புறமையத் தொகை.

தமிழில் தலைச்சொல் பெரும்பாலும் கடைசியில் வரும். குழப்பம் அங்கேதான் வந்திருக்கும். கல்வீடு ஒரு வகை வீடு, தலைச்சொல் தொகைக்கு உள்ளேயே இருக்கிறது, ஆகவே அகமையம்.

வினைமுற்றை மாற்றிப் பாருங்கள். 'பொற்றொடி உடைந்தது' என்றால் தொடியேதான். பொன்னால் ஆகிய தொடி என்று விரியும், வேற்றுமைத்தொகை. 'வந்தாள்' என்றதும் அதே தொகை பெண்ணைக் குறிக்கிறது. தனிச்சொல்லாக வைத்துக்கொண்டு வகை கேட்பதே வீண் வேலை.

ஆனால் அஃறிணையில் இந்தச் சோதனை கைகொடுக்காது. 'அறுகால் பறந்தது' என்பதில் அறுகால் வண்டைக் குறிக்கிறது, விகுதி அதைக் காட்டாது. அங்கே "இது ஒரு வகைக் காலா?" என்று கேளுங்கள். இல்லையென்றால் புறமையம்.